மூன்று மாதச் சோதனைத் திட்டம்: எந்த வகைச் சோதனைக்குக் கடைக்காரர் பணம் ஒதுக்கலாம்?

பகுப்பாய்வாளர் ஒருவர் கடை உரிமையாளரிடம் இரண்டு பக்கத் திட்டம் ஒன்றைக் கொடுக்கிறார். கொஞ்ச நாளாக வராத வாடிக்கையாளர்களுக்கு 10% தள்ளுபடியோடு குறுஞ்செய்தி அனுப்புவது, மூன்று மாதம் நடத்துவது, விற்பனை கூடினால் வெற்றி என்று எடுத்துக்கொள்வது. செலவும் போட்டிருக்கிறது. யோசனை மோசமில்லை, செலவும் தாங்கக்கூடியதுதான். மூன்று மாதம் கழித்து விற்பனை கூடியிருந்தால், அது செய்தியால்தான் கூடியது என்று எப்படித் தெரியும்? அதற்கு மட்டும் அந்த இரண்டு பக்கத்தில் பதில் இல்லை.

இத்தகைய திட்டம் கைக்கு வந்தவர்களும், இதை எழுதித் தர வேண்டியவர்களும் அடிக்கடி மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். சோதனையை நடத்த முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லோருக்கும் அனுப்பிவிட்டு முந்தைய மாதங்களோடு ஒப்பிடுவது முதல் வழி. வாடிக்கையாளர் பட்டியலைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் அனுப்புவது இரண்டாவது. ஒரு வாரம் செய்து, ஒரு வாரம் நிறுத்தி, மாற்றி மாற்றிப் பார்ப்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே கடையின் கணக்கை வைத்து எடைபோட்டுப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

என் கணக்கில் நான்கு அளவுகோல்கள் போதும். முதலாவது, சீசன், சம்பள வாரம், பக்கத்துக் கடையின் சலுகை போன்றவற்றின் விளைவை நம் மாற்றத்தின் விளைவிலிருந்து பிரித்துக் காட்ட முடிகிறதா என்பது. இரண்டாவது, எவ்வளவு சிறிய மாற்றம் வரை அந்த முறையின் கண்ணுக்குத் தெரியும் என்பது. மூன்றாவது செலவு. அனுப்புகிற செலவு மட்டுமல்ல, எப்படியும் வந்திருக்கக்கூடியவருக்குக் கொடுத்த தள்ளுபடியும் அதில் சேரும். நான்காவது, கவுன்டரில் நிற்பவர் நெரிசல் நேரத்திலும் தவறாமல் செய்யக்கூடிய முறையா என்பது. காகிதத்தில் அழகாக இருக்கும் சோதனை பெரும்பாலும் கவுன்டரில்தான் கெட்டுப்போகிறது.

## முதலில் காகிதக் கணக்கு

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் ஒரு முறையாவது வாங்கி, செய்தி பெறச் சம்மதித்து எண் கொடுத்தவர்கள் 2400 பேர். பழைய பில்களைப் பார்த்தால், யாரும் எதுவும் செய்யாமலேயே மூன்று மாதத்தில் இவர்களில் 20% பேர் திரும்ப வருகிறார்கள். சராசரி பில்லை 100 அலகு என்று வைப்போம். அதில் சரக்கின் கொள்முதல் போக மிஞ்சும் லாபம் 30 அலகு. ஒருவர் ஒரு முறைதான் வருகிறார் என்று எளிமையாக எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது 1200 பேருக்குத் தள்ளுபடிச் செய்தி போகிறது. 20% வரவேண்டிய இடத்தில் 25% வந்துவிட்டார்கள். அதாவது 240 பேருக்குப் பதில் 300 பேர். வரவு கால் பங்கு கூடியிருக்கிறது, எந்தத் திட்டத்திலும் இதை வெற்றி என்றுதான் எழுதுவார்கள்.

லாபத்தைப் பார்ப்போம். செய்தி இல்லாமல் 240 பேர் வந்திருந்தால் ஆளுக்கு 30 வீதம் 7200 அலகு. செய்தியோடு வந்த 300 பேரும் தள்ளுபடியை வாங்கிக்கொண்டால் ஆளுக்கு 20 வீதம் 6000 அலகு. விற்பனை கூடி லாபம் 1200 அலகு குறைந்திருக்கிறது. புதிதாக வந்த 60 பேர் கொண்டுவந்த 1200 அலகை, எப்படியும் வந்திருக்கக்கூடிய 240 பேர் தள்ளுபடியாக வாங்கிக்கொண்டுபோன 2400 அலகு விழுங்கிவிட்டது.

சமநிலைக்கு எவ்வளவு வேண்டும்? 7200 அலகை ஆளுக்கு 20 வீதம் ஈட்ட 360 பேர் வரவேண்டும். 20% என்பது 30% ஆக வேண்டும், அதாவது வரவு ஒன்றரை மடங்காக வேண்டும். 30% லாபத்தில் 10% தள்ளுபடி கொடுத்தால் எந்தக் கடைக்கும் இதே கணக்குதான்: லாப விகிதத்தை, தள்ளுபடி போக மிஞ்சும் லாப விகிதத்தால் வகுக்க வேண்டும். எல்லோரும் தள்ளுபடியைக் கேட்டு வாங்குவதில்லை, சிலர் கூடுதலாகவும் வாங்குவார்கள் என்பதால் நடைமுறையில் கொஞ்சம் தளர்வு உண்டு. ஆனாலும் ஒரு குறுஞ்செய்தி வரவை ஒன்றரை மடங்காக்கும் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

இந்தக் கணக்குக்கு மூன்று மாதம் தேவையில்லை, அரை மணி நேரம் போதும். இதைப் போட்டுப் பார்த்துவிட்டால் பல திட்டங்கள் சோதனைக்குப் போகும் முன்பே மாறிவிடும். இங்கும் மாற்றிவிடலாம். தள்ளுபடி இல்லாமல், புதுச் சரக்கு வந்திருக்கிறது என்பது போன்ற வெறும் நினைவூட்டலை அனுப்பிப் பார்ப்போம். அப்போது வரும் ஒவ்வொரு கூடுதல் ஆளும் முழு 30 அலகைக் கொண்டுவருவார். மூன்று மாதத்துக்கு ஒருவருக்கு அனுப்பும் செலவு 0.3 அலகு என்றால், 1 சதவீதப் புள்ளி வரவு கூடினாலே செலவு எடுபட்டுவிடும்.

## வழி 1: எல்லோருக்கும் அனுப்பி, முன்-பின் ஒப்பிடுவது

ஏற்பாடு என்று எதுவும் வேண்டாம். அனுப்பிவிட்டு, கடந்த மூன்று மாத விற்பனையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சரி. உரிமையாளர்களுக்கு இது பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, யாரையும் விட்டுவிட்ட உணர்வு வராது.

சிக்கல் எங்கே என்றால், சோதனை தொடங்கும் நேரத்தில்தான். கடை நன்றாக ஓடும்போது யாரும் பகுப்பாய்வாளரைக் கூப்பிடுவதில்லை. மோசமான மாதம் ஒன்று வந்த பிறகுதான் கூப்பிடுகிறார்கள். வழக்கமாக 100 அலகு விற்கும் கடையில் ஒரு மாதம் 85 விற்றது என்று வைப்போம். அதற்குத் தனிக் காரணம் எதுவும் இல்லாவிட்டால், அடுத்த மாதம் அது தானாகவே 100-ஐ ஒட்டி வந்துவிடும். 85-லிருந்து 100 என்பது கிட்டத்தட்ட 18% ஏற்றம். அந்த மாதத்தில் எதைச் செய்திருந்தாலும், கடைக்கு வேறு வண்ணம் அடித்திருந்தாலும்கூட, அதுதான் வெற்றி பெற்றதாகத் தெரியும்.

இதைக் கொஞ்சம் திருத்தலாம். முந்தைய மூன்று மாதத்தோடு ஒப்பிடாமல், சென்ற வருடத்தின் அதே மாதங்களை இடையில் கொண்டுவர வேண்டும். சோதனைக்கு முந்தைய மூன்று மாதங்களில் இந்த வருட விற்பனை, சென்ற வருட விற்பனையில் 0.95 பங்கு இருந்தது, சோதனை மாதங்களில் அது 1.02 பங்கு ஆனது என்றால், மாற்றம் சுமார் 7%. சீசன் இதில் ஓரளவு கழிந்துவிடும். அப்புறம் அதே விகிதம், எந்தச் சோதனையும் நடக்காத காலத்தில் எவ்வளவு ஆடியது என்று பழைய கணக்கில் பார்க்க வேண்டும். அது தானாகவே 8, 10 சதவீதம் ஆடுகிற கடையில் இந்த 7 சதவீதத்துக்கு அர்த்தமில்லை.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. தள்ளுபடி உள்ள திட்டமாக இருந்தால், எப்படியும் வரக்கூடிய 480 பேருக்கும் அதைக் கொடுக்க வேண்டிவரும். செய்தி ஒன்றுமே செய்யாத நிலையிலும் 4800 அலகு போகும், பட்டியல் தரும் மூன்று மாத லாபமான 14,400-ல் மூன்றில் ஒரு பங்கு. இரண்டாவது செலவு மெதுவாகத் தெரியும். பலனில்லாத ஒன்றைப் பலன் தந்ததாக நம்பி வருடக்கணக்கில் தொடர்வது.

இருந்தும் இந்த வழியே சரியான இடங்கள் உண்டு. பில் போடும் முறையை மாற்றுவது, கடையின் அமைப்பையே மாற்றுவது போல, பாதிப் பேருக்கு மட்டும் செய்ய முடியாத, திரும்பப் பெறவும் முடியாத மாற்றங்களுக்கு வேறு வழி இல்லை. விற்பனையை ஒன்றரை மடங்காக்கும் என்ற அளவில் பெரிய விளைவை எதிர்பார்த்தாலும் இது போதும். நினைவூட்டல் செய்திக்கு இது போதாது.

## வழி 2: பட்டியலை இரண்டாகப் பிரிப்பது

2400 பேரில் குலுக்கல் முறையில் 1200 பேருக்குச் செய்தி போகும், 1200 பேருக்குப் போகாது. சீசன் வந்தாலும், மழை கொட்டினாலும், பக்கத்துக் கடை மூடினாலும் இரண்டு பாதிக்கும் ஒரே மாதிரிதான் நடக்கும். அதனால் கடைசியில் தெரியும் வித்தியாசத்தைச் செய்தியின் கணக்கில் எழுதலாம். முதல் அளவுகோலில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

குலுக்கல் என்றால் உண்மையான குலுக்கலாக இருக்க வேண்டும். பட்டியலின் மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்தால் பழைய வாடிக்கையாளர் ஒரு பக்கமும் புதியவர் மறுபக்கமும் போய்விடுவார்கள். விரிதாளில் ஒரு புது நெடுவரிசையில் இதை இட்டு, கடைசி வரி வரை இழுத்து, அதன்படி வரிசைப்படுத்தினால் போதும்:

```
=RAND()
```

இழுத்த கையோடு அந்த நெடுவரிசையை நகலெடுத்து, வெறும் மதிப்புகளாக ஒட்டிவிட வேண்டும். இல்லையென்றால் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் எண்கள் மாறும், யார் எந்தப் பாதி என்பதே தொலைந்துபோகும். ஒரே வீட்டைச் சேர்ந்த எண்கள் தெரிந்தால் அவற்றை ஒரே பாதியில் வைப்பது நல்லது.

அடுத்தது, எவ்வளவு சிறிய வித்தியாசம் வரை இது காட்டும்? ஒவ்வொரு பாதியிலும் எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு ஒரு தோராயமான சூத்திரம் உண்டு:

```
n = 16 × p × (1 − p) ÷ d²
```

இதில் p என்பது வழக்கமாகத் திரும்ப வருபவர்களின் பங்கு, d என்பது நாம் கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசம். 20% வரவில் 5 புள்ளி வித்தியாசத்தைக் காண 16 × 0.2 × 0.8 ÷ 0.0025, அதாவது பாதிக்கு 1024 பேர். நம்மிடம் 1200 இருக்கிறது, போதும். 2 புள்ளி வித்தியாசத்தைக் காண வேண்டுமென்றால் 6400 பேர் வேண்டும். இந்தக் கடையில் அது நடக்காது. திட்டத்தில் இந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் சொல்வேன்: 'சுமார் 5 புள்ளிக்குக் குறைந்த விளைவு இருந்தாலும் இந்தச் சோதனையில் தெளிவாகத் தெரியாமல் போகலாம்.' இதை எழுதாத பகுப்பாய்வாளர் கடைசியில் 'பலன் இல்லை' என்பதையும் 'பலனைக் காண முடியவில்லை' என்பதையும் ஒன்றாக்கிவிடுவார்.

இதன் பெரிய பலவீனம் நான் பார்த்தவரை கவுன்டரில் எண் கேட்கும் பழக்கத்தில் இருக்கிறது. வந்தவர் யார் என்று தெரிவது பில்லில் எண் பதிவானால்தான். செய்தி வந்தவர் அதைக் காட்டிப் பேச்சை ஆரம்பிப்பார், எண்ணையும் சொல்லிவிடுவார். செய்தி வராதவர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். செய்தியால் எந்தப் பலனும் இல்லை, இரண்டு பாதியிலும் 240 பேர்தான் வந்தார்கள் என்று வைப்போம். செய்தி பெற்றவர்களில் எல்லோருடைய எண்ணும் பதிவாகி, பெறாதவர்களில் 80% பேருடையது மட்டும் பதிவானால், கணக்கில் 240-க்கு 192 என்று வரும். 20%-க்கு 16%. புள்ளியியல் சோதனைக்குப் போட்டாலும் 'இது தற்செயல் அல்ல' என்றே சொல்லும். உண்மையில் நடந்தது எண் வாங்கியதில் இருந்த வித்தியாசம் மட்டுமே.

இதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு வாரமும் எண் இல்லாத பில்கள் எத்தனை சதவீதம் என்று எழுதிவர வேண்டும். சோதனை தொடங்குவதற்கு முன் எல்லாப் பில்லுக்கும் எண் கேட்கும் பழக்கம் வந்திருக்க வேண்டும். செய்தியைக் காட்டச் சொல்லும் எந்த ஏற்பாடும் இருக்கக் கூடாது. வெறும் நினைவூட்டலில் இது எளிது, தள்ளுபடிக் குறியீடு இருந்தால் கஷ்டம். கூடவே, யார் எந்தப் பாதி என்பது கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. தெரிந்தால், நல்ல மனதோடு தெரிந்தவர்களுக்கெல்லாம் விஷயத்தைச் சொல்லிவிடுவார்.

மறைந்த செலவு என்று எல்லோரும் சொல்வது, செய்தி அனுப்பாத பாதியிடம் நாம் இழந்த விற்பனை. நியாயமான கவலைதான். ஆனால் செய்தி பலன் தருமா என்று தெரியாதபோது அந்த இழப்பும் நிச்சயமில்லாததே. தள்ளுபடித் திட்டமாக இருந்தாலோ கணக்கு திரும்பிவிடும். பாதிப் பேருக்கு மட்டும் கொடுப்பதால், மோசமான நிலையில் போகும் 4800 அலகு 2400 ஆகக் குறைகிறது.

## வழி 3: ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்

கவுன்டர் அருகே உள்ள அலமாரியில் எதை வைப்பது, முகப்பில் எதைக் காட்டுவது போன்றவற்றை ஆளுக்கு ஆள் மாற்ற முடியாது, நாளுக்கு நாள் மாற்றலாம். அதற்கு இந்த வழி. சோதனைக்குரிய 12 வாரத்தில் 6 வாரம் புதிய அமைப்பு, 6 வாரம் பழையது.

ஒற்றை வாரம், இரட்டை வாரம் என்று ஒழுங்காக மாற்றுவது தவறு. மாதத்தின் முதல் வாரச் சம்பளம் அந்த ஒழுங்கோடு ஒத்துப்போய்விட்டால் ஏமாந்துபோவோம். இரண்டு இரண்டு வாரமாகச் சோடி சேர்த்து, ஒவ்வொரு சோடியிலும் எது முதலில் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்ய வேண்டும். அந்த வரிசையை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிட்டால் நடுவில் மனம் மாறாது.

இதன் கண்பார்வை மந்தம். சீசனைக் கழித்த பிறகும் வார விற்பனை 10% அளவில் மேலும் கீழும் ஆடும் கடையில், 6 வாரத்துக்கு 6 வாரம் ஒப்பிட்டால் சந்தேக எல்லை சுமார் 11, 12 சதவீதம் வரும். அதற்குக் குறைந்த ஏற்றத்தை நம்ப முடியாது. அதனால் மொத்த விற்பனையை அளக்காமல், மாற்றிய அந்த அலமாரியின் சரக்கு எவ்வளவு போனது என்று அளக்க வேண்டும். அங்கே விளைவு பெரிதாகத் தெரியும். அதோடு, அதே வகைச் சரக்கு மற்ற அலமாரியில் அந்த வாரம் குறைந்ததா என்றும் பார்க்க வேண்டும். இடம் மாறி வாங்கியதை நாம் கூடுதல் விற்பனை என்று எண்ணிவிடக் கூடாது.

குறுஞ்செய்திக்கு இந்த வழி சுத்தமாகப் பொருந்தாது. செய்தி பார்த்தவர் அடுத்த வாரம் வருவார், அது செய்தி இல்லாத வாரத்தின் கணக்கில் சேரும். சலுகை வாரத்தில் இரண்டு வாரத்துக்கும் சேர்த்து வாங்கிக்கொள்பவர்களோ எதிர்த் திசையில் ஏமாற்றுவார்கள். சலுகை வாரம் உயர்ந்து, சலுகையற்ற வாரம் தாழ்ந்து, ஒரே விற்பனை இரண்டு முறை வித்தியாசமாகத் தெரியும்.

இரண்டு கிளை இருப்பவர்கள் ஒன்றில் செய்து மற்றதோடு ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். ஒன்றுக்கு ஒன்று என்றால் ஒரு கிளையில் நல்ல விற்பனையாளர் விலகினால்கூடச் சோதனை கவிழ்ந்துவிடும். பத்துப் பன்னிரண்டு கிளை இருப்பவர்கள் யோசிக்கலாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | முன்-பின் | பட்டியல் பிரிப்பு | வார மாற்று |
|---|---|---|---|
| சீசனைப் பிரிப்பது | சென்ற வருடக் கணக்கு இருந்தால் ஓரளவு | நன்றாகப் பிரிக்கும் | குலுக்கல் வரிசை இருந்தால் பிரிக்கும் |
| நம் கடையில் தெரியும் குறைந்த விளைவு | வழக்கமான ஆட்டத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் | சுமார் 5 புள்ளி | மொத்த விற்பனையில் 12%-க்கு மேல் |
| மறைந்த செலவு | எல்லோருக்கும் தள்ளுபடி, தவறான முடிவு வருடக்கணக்கில் தொடர்வது | எண் பதிவின் ஒழுங்கு, பட்டியலைச் சரிசெய்யும் உழைப்பு | வாராவாரம் மாற்றி அடுக்கும் வேலை |
| கவுன்டரில் சுமை | இல்லை | எல்லாப் பில்லுக்கும் எண் | அதிகம் |
| பொருந்தும் இடம் | திரும்பப் பெற முடியாத பெரிய மாற்றம் | செய்தி, சலுகை, உறுப்பினர் திட்டம் | அலமாரி, முகப்பு, அறிவிப்புப் பலகை |

## நம் கடைக்கு எழுதினால் திட்டம் எப்படி இருக்கும்

நினைவூட்டலைச் சோதிக்கப் பட்டியல் பிரிப்புதான். 13 வாரத்தில் முதல் இரண்டு வாரம் செய்தி எதுவும் போகாது. பட்டியலில் ஒரே ஆள் இரண்டு முறை இருப்பதை நீக்குவது, பிரிப்பது, எல்லாப் பில்லுக்கும் எண் வாங்கிப் பழகுவது இவ்வளவும் அப்போது நடக்கும். பிரித்த பிறகு, இரண்டு பாதியும் கடந்த ஆறு மாதத்தில் ஏறக்குறைய ஒரே அளவில் வாங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பது இதில் முக்கியம். பெரிய வித்தியாசம் தெரிந்தால் பட்டியலிலோ பிரித்த விதத்திலோ கோளாறு இருக்கிறது, அதைத் தேட வேண்டும். 3-வது வாரத்திலிருந்து 10-வது வாரம் வரை செய்தி போகும். 11, 12-ம் வாரங்களில் அனுப்புவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பது, முன்கூட்டியே வந்து வாங்கியவர்கள் இப்போது வராமல் போகிறார்களா என்பது அங்கேதான் தெரியும். 13-வது வாரம் கணக்கு.

செலவைப் பார்ப்போம். அனுப்பும் செலவு 1200 பேருக்கு 360 அலகு. பட்டியலைச் சரிசெய்யவும் எண் வாங்கிப் பழக்கவும் ஊழியர் நேரம் 500. எதிர்பாராததற்கு 340. மொத்தம் 1200 அலகு உச்சவரம்பு. பகுப்பாய்வாளரின் கட்டணம் தனி. இதே சோதனையைத் தள்ளுபடியோடு நடத்தியிருந்தால், எப்படியும் வருபவர்களுக்குப் போகும் 2400 அலகு இதன்மேல் ஏறி, 3600 ஆகியிருக்கும். தள்ளுபடித் திட்டங்களில் இந்த 2400-தான் மிகப் பெரிய செலவு. திட்டத்தின் செலவுப் பட்டியலில் அநேகமாக இருக்காததும் அதுதான், ஏனென்றால் அதற்கு யாரும் ரசீது தருவதில்லை.

இந்த 1200 அலகைச் செலவழிப்பது தகுமா? 5 புள்ளி கூடினால் 2400 பேருக்கு மூன்று மாதத்தில் 120 பேர் கூடுதல், 3600 அலகு லாபம், அனுப்பும் செலவு 720 போக 2880. சோதனையின் செலவைவிட இரு மடங்குக்கு மேல், அதுவும் ஒரே காலாண்டில். தகும்.

வெற்றியின் அளவாக நான் எழுதுவது ஒன்றே ஒன்று: பிரித்தபோது இருந்த ஒவ்வொரு பாதியிலும் ஒரு ஆளுக்குக் கிடைத்த லாபம். செய்தியைத் திறந்தவர்களுக்கு அல்ல, வந்தவர்களுக்கும் அல்ல, 1200 பேருக்கும். திறந்து படிப்பவர்கள் ஏற்கெனவே கடையை விரும்புகிறவர்கள். அவர்களை மட்டும் எடுத்தால் எந்தச் செய்தியும் ஜெயிக்கும். சாதாரணப் பில்லைப் போல முப்பது மடங்கு வரும் ஒரே ஒரு பில் கணக்கைப் புரட்டிவிடாதபடி, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள பில்லை அந்த அளவாகவே எண்ணுவோம் என்றும் முன்பே எழுதிவிட வேண்டும். முடிவு வந்த பிறகு எழுதினால் அது நம் விருப்பப்படி வெட்டியதாகிவிடும்.

அப்புறம் முடிவு எல்லைகள். திட்டத்தில் அவை இப்படி இருக்கும்:

'ஐயா, ஆளுக்கு லாப வித்தியாசம் 1.2 அலகு அல்லது அதற்கு மேல் வந்தால் (அதாவது சுமார் 4 புள்ளி, 48 பேர் கூடுதல்) எல்லோருக்கும் அனுப்பலாம். ஆனால் ஐந்தில் ஒரு பங்கை அனுப்பாமல் ஒதுக்கியே வைப்போம், பலன் நீடிக்கிறதா என்று பார்க்க. 0.3-க்குக் கீழ் வந்தால் நிறுத்திவிடுவோம், ஏனென்றால் அனுப்பும் செலவே அதுதான். இரண்டுக்கும் நடுவில் வந்தால் அதே பிரிப்பை இன்னும் மூன்று மாதம் தொடர உங்களிடம் அனுமதி கேட்பேன். நடுவில் இரண்டு காரணங்களுக்காக மட்டும் நிறுத்துவோம்: எண் இல்லாத பில்கள் 10%-ஐத் தாண்டினால், அல்லது செய்தி வேண்டாம் என்று சொல்பவர்கள் நூறில் மூன்று பேரைத் தாண்டினால். வாராவாரம் உங்களுக்கு அனுப்பப்போவது இந்த இரண்டு எண்கள்தான். எந்தப் பாதி முன்னால் இருக்கிறது என்பதை 13-வது வாரத்துக்கு முன் சொல்ல மாட்டேன்.'

கடைசி வாக்கியத்தில் உரிமையாளர்கள் தயங்குவார்கள். என் பணம், என் கடை, எனக்கே சொல்ல மாட்டீர்களா என்று கேட்பது இயல்பு. காரணம் இதுதான்: உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத சோதனை ஒன்றைக் கடைசியில் ஒரே முறை பார்த்தால், 20-ல் ஒரு முறை தவறாக 'வித்தியாசம் உண்டு' என்று காட்டும். அதையே நடுநடுவே பத்து முறை பார்த்து, நன்றாகத் தெரியும் முதல் தடவையிலேயே நிறுத்திக்கொள்வதென்றால், தவறும் வாய்ப்பு கிட்டத்தட்ட 5-ல் ஒன்றாகிவிடுகிறது. நடுவில் பார்த்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு, 6-வது வாரத்தில் ஒரு முறை, அதுவும் பெருநஷ்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம் என்று எழுதிக்கொடுக்கலாம்.

## பட்டியல் சிறியதாக இருந்தால்

400 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் பாதிக்கு 200. அதில் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் சுமார் 11 புள்ளி வித்தியாசம் வந்தால்தான் தெரியும். 20%-லிருந்து 31%. நினைவூட்டல் செய்தியிடம் அதை எதிர்பார்க்க முடியாது, ஆகவே சோதனையே வேண்டாம். தள்ளுபடி இல்லாத செய்தியை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள், போகிற செலவு 120 அலகு. பகுப்பாய்வாளருக்குக் கொடுக்கும் கட்டணம் அதைவிட அதிகமாகத்தான் இருக்கும். அந்தப் பணத்தை எல்லாப் பில்லிலும் எண் வாங்குவதில் செலவழித்தால், அடுத்த வருடம் பிரித்துப் பார்க்கும் அளவுக்குப் பட்டியல் வளர்ந்திருக்கலாம்.